ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஒரே பி.டி. வகுப்பு: பெற்றோர் கேட்டவையும் எங்கள் பதில்களும்

ஆண், பெண் பிள்ளைகளுக்கு இனி பி.டி. வகுப்பு சேர்ந்தே நடக்கும் என்று போன வாரம் பிள்ளைகளின் டைரியில் வைத்து அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டு நிறைய பேர் பேசினீர்கள். சிலர் போனில், சிலர் வேன் நிற்கும் இடத்தில், அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அப்பா நேரில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். கடிதம் ஒரு பக்கம்தான், அதில் காரணங்களை முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் நீங்கள் கேட்டவற்றை, நீங்கள் கேட்ட மாதிரியே வைத்து, பதில் எழுதியிருக்கிறேன். நான் இங்கே பெண் பிள்ளைகளுக்குப் பல வருடமாக பி.டி. டீச்சராக இருப்பவள், எனவே இதில் நிறைய என் கண்ணால் பார்த்ததுதான்.

இத்தனை வருஷம் நல்லாத்தானே போச்சு டீச்சர், இப்ப எதுக்கு மாத்துறீங்க?

நல்லாப் போகவில்லை என்பதுதான் காரணம். பி.டி. பீரியடு வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். எட்டாம் வகுப்பு என்றால் ஏ பிரிவும் பி பிரிவும் ஒன்றாக கிரவுண்டுக்கு வரும், பையன்கள் சாரிடம் போவார்கள், பெண்கள் என்னிடம் வருவார்கள். நாற்பதுக்கு மேல் பையன்கள் இருப்பதால் பெரிய இடம் அவர்களுக்கு, வேப்பமரத்துப் பக்கம் இருக்கும் நீளமான துண்டு இடம் எங்களுக்கு. அந்தத் துண்டில் ஒரு வளையப்பந்து வலை, ஒரு த்ரோபால் வலை. பன்னிரண்டு பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் முறை வரும் என்று மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், மணி அடித்துவிடும். அந்தப் பக்கம் பையன்களிலும் எல்லோரும் விளையாடியதில்லை. ஒரே பந்து, அதைச் சுற்றி பத்துப் பேர், கோடியில் சும்மா நிற்கிறவர்கள் பதினைந்து பேர்.

என் மனதை மாற்றியது ஒரு சின்ன விஷயம். எட்டாம் வகுப்புப் பெண்கள் சிலரிடம் டென்னிஸ் பந்தைக் கொடுத்து தூரமாக எறியச் சொன்னேன். அதில் ஒருத்தி வலது கையில் பந்தைப் பிடித்து, வலது காலையே முன்னால் வைத்து, முழங்கையிலிருந்து மட்டும் தள்ளினாள். பந்து பத்தடி தாண்டவில்லை. வலது கைக்காரர் இடது காலை முன்வைக்க வேண்டும், இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், அதற்குப் பின்னால் தோள் வர வேண்டும், கை கடைசியில்தான். இது பிறவியில் வருவதல்ல, யாராவது கற்றுக்கொடுத்து சில நூறு முறை எறிந்தால் வரும். பையன்களுக்குத் தெருவில் கிரிக்கெட் ஆடி ஆடி ஐந்தாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. ஓடுவது, குதிப்பது இவற்றில் சின்ன வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எறிவதில்தான் ரொம்பச் சீக்கிரமே தெரியும். அந்தப் பெண் எட்டு வருடம் எங்கள் பள்ளியில் பி.டி. வகுப்புக்கு வந்தவள். எட்டு வருடமாக நாங்கள் அவளுக்கு எறியக் கற்றுக்கொடுக்கவில்லை, ஏனென்றால் பெண்கள் பக்கத்து விளையாட்டில் சின்னப் பந்தைத் தூரமாக எறிவதே இல்லை. அவளுக்கு மூன்று வாரம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு ஒரே பவுன்ஸில் வருகிறது.

அதே பீரியடில், அதே காலை வைத்து எறிந்த பையன் ஒருவனும் இருந்தான். வீட்டை விட்டு வெளியே விடாமல் வளர்த்த பிள்ளை. அவன் பையன்கள் பக்கம் இருந்ததால் யாரும் கவனிக்கவே இல்லை.

எந்தெந்த வகுப்புக்கு? எல்லா விளையாட்டும் சேர்ந்தா?

இந்த வருடம் ஆறு, ஏழு, எட்டு மட்டும். ஒன்பதும் பத்தும் பழையபடி. கபடி, மல்யுத்தம், கைகலக்கும் சிலம்ப ஆட்டம் தனித்தனியே தொடரும். இவற்றில் பிடிப்பதும் தள்ளுவதும் ஆட்டத்தின் பகுதி, அதில் சேர்க்க நாங்கள் நினைக்கவில்லை. அமெரிக்காவில் 1972இல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பைப் பொதுவாக்கினார்கள், அவர்களும் மல்யுத்தம், குத்துச்சண்டை, ரக்பி போன்றவற்றில் தனியாகப் பிரித்துக்கொள்ள விதியிலேயே இடம் வைத்தார்கள். நாங்களும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறோம். கோ-கோ சேர்ந்து உண்டு, ஆனால் உள்ளங்கையால் முதுகில் தொட்டால் போதும், பாய்ந்து பிடிப்பது கிடையாது.

பசங்க பலசாலிங்க. மோதினா என் பொண்ணு கீழே விழுந்துட மாட்டாளா?

இந்தப் பயம் சரியான பயம், ஆனால் எந்த வயதில் என்பதைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் சட்டென்று உயரும் காலம் பெரும்பாலும் பத்திலிருந்து பன்னிரண்டு வயது. பையன்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு வருடம் பிந்தி வரும். அதனால்தான் ஆறாம், ஏழாம் வகுப்பு அசெம்பிளி வரிசையில் கடைசியில் நிற்கிற உயரமான பிள்ளைகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்கிறார்கள். பதிமூன்று, பதினான்குக்கு மேல் பையன்களுக்குத் தசை கூடும், அப்போதுதான் பலத்தில் இடைவெளி விழுகிறது. எட்டாம் வகுப்பு அந்த எல்லையில் இருக்கிறது, ஒரே பெஞ்சில் மீசை அரும்பிய பையனும் நாலரை அடி பையனும் இருப்பார்கள். உண்மையைச் சொன்னால் அந்தச் சின்னப் பையன்தான் இத்தனை நாளும் அதிகம் அடிபட்டவன். பையன் என்பதால் அவனைப் பெரிய பையன்களோடு விட்டுவிட்டோம்.

இனி ஆணா பெண்ணா என்று பார்த்துக் குழு பிரிக்க மாட்டோம், பந்தைக் கையாளத் தெரிந்த அளவையும் உடம்பு வாகையும் பார்ப்போம். எப்படி என்று கேட்டீர்கள், சொல்கிறேன். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, டென்னிஸ் பந்தை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும், 30 விநாடியில் எத்தனை முறை பிடிக்கிறார்கள் என்று எண்ணுவோம். எட்டாம் பி பிரிவில் 42 பிள்ளைகளுக்கு வைத்தபோது முதல் பத்துப் பேரில் மூன்று பெண்கள் வந்தார்கள், கடைசிப் பத்தில் நான்கு பையன்கள் இருந்தார்கள். ஆண், பெண் என்று பிரித்திருந்தால் அந்த மூன்று பெண்களுக்கும் சவால் இல்லை, அந்த நான்கு பையன்களுக்கும் பந்தே கிடைக்காது.

பிறகு, அடிபடுவது பெரும்பாலும் கூட்டத்தாலும் கட்டிப் பந்தாலும்தான். எனவே கிரிக்கெட் டென்னிஸ் பந்தில் மட்டும், ஃபுட்பாலில் பின்னாலிருந்து காலை நீட்டுவதும் சறுக்கிப் பறிப்பதும் கிடையாது, ஃபுட்பாலுக்கு ஒரு ஆடுகளத்தில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. கீழே விழுவதே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடுகிற பிள்ளை விழும், முட்டி தேயும், முதலுதவிப் பெட்டி கிரவுண்டிலேயே இருக்கும்.

சேர்த்து விட்டாலும் பசங்களேதானே பந்தை வச்சிக்குவாங்க? பொண்ணுங்க வேடிக்கை பார்ப்பாங்க.

இதைக் கேட்டது ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா, அவங்க காலேஜில் த்ரோபால் ஆடினவங்க. அவங்க சொன்னது அப்படியே நடந்தது. ஜனவரியில் எட்டாம் பி-யில் சோதனையாக ஆரம்பித்தபோது பதினொரு பேர் அணியாக, கலந்து, ஃபுட்பால் விட்டோம். நான் ஒரு மாணவியை மட்டும் பார்த்துக்கொண்டு நோட்டில் கோடு போட்டேன். 20 நிமிடத்தில் பந்து அவளிடம் வந்தது மூன்று தடவை, அதில் ஒன்று த்ரோ-இன்னுக்காக எடுத்துக் கொடுத்தது. மற்ற நேரமெல்லாம் ஓரக்கோட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சும்மா சேர்த்து விட்டால் நிலைமை முன்னைவிட மோசமாகும். வேப்பமரத்தடியிலாவது அவளுக்கு வளையப்பந்து கிடைத்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு விதி கொண்டுவந்தோம்: கோல் அடிக்குமுன் பந்து ஒரு பெண்ணிடம் போய் வர வேண்டும். பார்க்க நியாயமாக இருக்கும், பல பள்ளிகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நடந்தது என்ன? கோல் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் மெதுவாகத் தட்டிவிட்டு, அவள் திருப்பித் தட்டினதும் பையன் அடித்தான். எதிரணியில் யாரும் அவளைத் தடுக்கக்கூட வரவில்லை, எப்படியும் பந்து திரும்பப் போகும் என்று தெரியும். அவள் சுவர் மாதிரி பயன்பட்டாள். பீரியடு முடிந்ததும் என்னிடம் வந்து, "டீச்சர், அந்த ரூல் வேண்டாம், எனக்கு வெட்கமா இருக்கு" என்றாள். அன்றைக்கே எடுத்துவிட்டோம். பெண்களுக்கு மட்டும் சலுகை தரும் எந்த விதியும் இனி வராது, பெண் அடித்தால் இரண்டு கோல் என்பதும் வராது.

வேலை செய்தது வேறு. சுண்ணாம்புப் பொடி போட்டு 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஐந்து சின்னக் களம் வரைந்தோம். அணிக்கு நான்கு பேர், கோல் கீப்பர் இல்லை, இரண்டு கோனுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளிதான் கோல். 42 பேரில் 40 பேர் ஒரே நேரத்தில் விளையாடினார்கள், இருவர் ஸ்கோர் எழுதினார்கள். எல்லோருக்கும் பொதுவாக இரண்டே விதி. ஒருவர் பந்தை மூன்று தட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கோலுக்கு அடிக்குமுன் அணியில் மூன்று பேர் காலிலாவது பந்து பட்டிருக்க வேண்டும். நாலு பேர் அணியில் ஒருவரை ஒதுக்கினால் மீதி மூவரும் தவறாமல் தொட்டாக வேண்டும், எதிரணிக்கு அது உடனே புரிந்துவிடும். எனவே நாலாவது ஆள் ஆணோ பெண்ணோ அவரைத் தேடிப் பந்து போகிறது. அதே மாணவியை மறுபடி எண்ணினேன். பத்து நிமிடத்தில் பதினேழு தடவை. மூன்றாவது வாரம் அவள் "இங்க, இங்க" என்று கத்திப் பந்து கேட்டாள். எட்டு வருடத்தில் கிரவுண்டில் அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

இன்னொன்று, அணியை நாங்கள்தான் பிரிப்போம். இரண்டு கேப்டன் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடும் பழக்கம் போய்விட்டது. கடைசியில் யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் கோர்ஃப்பால் என்று ஒரு விளையாட்டை ஆகஸ்டில் தொடங்குகிறோம். 1902இல் நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர், பையன்களும் பெண்களும் சேர்ந்தே ஆட வேண்டும் என்று உருவாக்கியது. அணியில் நாலு ஆண், நாலு பெண், கூடை மூன்றரை மீட்டர் உயரத்தில். பந்தோடு ஓடக் கூடாது, ஆண் ஆணைத்தான் தடுக்கலாம், பெண் பெண்ணைத்தான். எனவே பலத்துக்கு வேலை குறைவு, இடம் பார்த்துப் பாஸ் கொடுப்பவருக்குத்தான் ஆட்டம். முறையான கம்பத்துக்குச் செலவாகும், நாங்கள் இரும்புப் பைப்பில் பிளாஸ்டிக் கூடையைக் கட்டியிருக்கிறோம்.

என் பையன் குறுவட்டப் போட்டிக்குப் போறவன். பொண்ணுங்களோட ஆடினா அவன் ஆட்டம் கெட்டுப்போகாதா?

அணிப் பயிற்சி வேறு, பி.டி. பீரியடு வேறு. காலை ஆறரை மணிப் பயிற்சி மாறவே இல்லை, அங்கே பையன்கள் அணியும் பெண்கள் அணியும் தனி, குறுவட்டத்திலும் மாவட்டத்திலும் போட்டிகள் தனித்தனியாகத்தான் நடக்கும். பீரியடில் அவனுக்கு நஷ்டம் இல்லை, சின்னக் களத்தில் அவன் காலிலும்தான் பந்து அதிகம் படுகிறது. இடம் குறைவாக இருப்பதால் முதல் தட்டிலேயே பந்தை அடக்கக் கற்றுக்கொள்கிறான். கலப்பு ஆட்டம் பெரிய மைதானத்திலும் இருக்கிறது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் நம் நாட்டு அணி இரண்டாவதாக வந்து, பஹ்ரைன் அணி தகுதி இழந்த பிறகு தங்கம் பெற்றது. அதில் ஓடிய ஆரோக்கிய ராஜீவ் நம் திருச்சிப் பக்கத்துக்காரர்.

மதிப்பெண் எப்படி? பையனோட ஒப்பிட்டு என் மகளுக்குக் குறைச்சிடுவீங்களா?

இல்லை. உடற்தகுதித் தேர்வில் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது, வயிற்றுப் பயிற்சி, தண்டால் எல்லாம் பழையபடி இருக்கும். பெண்களுக்கு முட்டி ஊன்றிய தண்டால். வயதுக்கும் பாலினத்துக்கும் தனி அட்டவணை வைத்துத்தான் பார்ப்போம். இதோடு, ஜூனில் எடுத்த அளவுக்கும் ஜனவரியில் எடுக்கும் அளவுக்கும் எவ்வளவு முன்னேற்றம் என்றும் பார்ப்போம், சுவரில் எறியும் சோதனை உட்பட.

வயசுக்கு வந்த பொண்ணுங்க. அந்த மூணு நாள்ல பசங்க முன்னாடி என்ன செய்வாங்க?

பல அம்மாக்கள் மெதுவாகக் கேட்ட கேள்வி இது, கேட்டதுக்கு நன்றி. ஒவ்வொரு பீரியடிலும் ஆட்டத்தில் இறங்காத வேலைகள் இரண்டு மூன்று உண்டு: ஸ்கோர் எழுதுவது, நேரம் பார்ப்பது, கோட்டருகே கொடி பிடிப்பது. காலையில் வருகைப் பதிவின்போது பிள்ளை தன் பேருக்கு நேரே "ஸ்கோர்" என்று எழுதிவிட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டாம், யாரும் கேட்க மாட்டோம். பையன்களும் இதை எழுதலாம், கால் வலிக்கிறவன் எழுதுவான், தூங்காமல் வந்தவன் எழுதுவான். அதனால் அவள் எழுதியதை வைத்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. முன்பு பெண்கள் மட்டும் இருந்தபோது "ஏன் உட்கார்ந்திருக்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவோம். அதைவிட இது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட விரும்பினால் தாராளமாக விளையாடலாம், அந்த நாட்களில் ஓடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை, லேசாக உடம்பை அசைத்தால் வலி குறைகிறது என்று நிறைய பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் மாதாமாதம் பள்ளிக்கே வர முடியாத அளவுக்கு வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று, நாப்கின் என் அலமாரியில் இருக்கும், சாவி வகுப்புத் தலைவியிடமும் உண்டு.

டிரஸ்? கொலுசு, கம்மல், தலைத்துணி?

டிராக் பேன்ட், கொஞ்சம் தளர்ந்த டி-ஷர்ட், எல்லோருக்கும் ஒரே மாதிரி. அரைக்கால் சட்டை யாருக்கும் இல்லை. தலைத்துணி அணிகிறவர்கள் நுனியை டி-ஷர்ட்டுக்குள் செருகிக்கொள்ளலாம், குண்டூசி மட்டும் வேண்டாம். கொலுசைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கொலுசு செய்வதே பல வீடுகளின் தொழில், காலில் இல்லாத பெண் பிள்ளையைப் பார்ப்பது அரிது. ஆனால் ஓடும்போது அதன் கொக்கி மறு காலின் பேன்ட் நுனியில் மாட்டினால் முகம் குப்புற விழுவார்கள், நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பி.டி. இருக்கும் நாளில் வீட்டிலேயே கழற்றி வைத்து அனுப்புங்கள், கழற்ற மனமில்லை என்றால் சாக்ஸை மேலே இழுத்து மூடிக்கொள்ளட்டும். தொங்கட்டான் வேண்டாம்.

யாராவது கிண்டல் பண்ணினா, தப்பா நடந்துக்கிட்டா?

கிரவுண்டில் எப்போதும் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் கட்டாயம் பெண். ஜோடியாகச் செய்யும் நீட்சிப் பயிற்சியில் ஆண் ஆணோடு, பெண் பெண்ணோடு. நாங்கள் பிள்ளையைத் தொட்டுத் திருத்த மாட்டோம், செய்து காட்டுவோம். கிண்டல் முதல் வாரத்தில் இருந்தது. ஒரு பையன் தன் நண்பன் கேட்ச் விட்டதும் "பொட்டப்புள்ள மாதிரி பிடிக்காதடா" என்றான். ஆட்டத்தை நிறுத்தி, அவனையும் அந்தச் சுவர் சோதனையில் வகுப்பிலேயே முதலாக வந்த பெண்ணையும் பத்து கேட்ச் பிடிக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. ஆனால் அவனை எல்லோர் முன்னும் தோற்கடிப்பது சரியில்லை என்று விட்டுவிட்டு, பீரியடு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அப்புறம் அவன் அப்படிச் சொல்லவில்லை.

கிண்டலைத் தாண்டிய எதுவானாலும் அன்றைக்கே தலைமையாசிரியரிடமும் இரு வீட்டாரிடமும் போகும், போக்சோ சட்டத்துக்குள் வரும் விஷயம் என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை, அதில் பேசி முடிப்பது கிடையாது. பிள்ளைக்கு எங்களிடம் சொல்லத் தயக்கம் என்றால் 1098 அல்லது 14417 எண்ணுக்கு அழைக்கலாம், இரண்டு எண்ணும் கிரவுண்டு கேட்டில் எழுதியிருக்கிறது.

எங்க வீட்ல இதுக்குச் சம்மதம் இல்லைன்னா?

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், காரணம் எழுத வேண்டும் என்றில்லை. அதே பீரியடில் தனியாக ஓட்டம், ஸ்கிப்பிங், உடற்பயிற்சி செய்ய ஒரு குழு வைத்திருக்கிறோம், அதனால் மதிப்பெண் குறையாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எழுதுவதற்கு முன் ஒரு பீரியடு வந்து பாருங்கள். எட்டாம் பி-க்கு செவ்வாய் இரண்டாவது பீரியடு, வியாழன் முதல் பீரியடு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம், ஒன்பதரைக்குள் வந்தால் நிழலிலேயே நிற்கலாம். வாட்ச்மேனிடம் பி.டி. பார்க்க வந்தேன் என்று சொன்னால் வேப்பமரத்தடிக்குக் கூட்டிவருவார், அங்கே இப்போது பிள்ளைகள் யாரும் உட்கார்வதில்லை, பெஞ்சு காலியாக இருக்கும்.